தண்ணீருக்குள் எடுத்த படத்தில் முகம் மாற்றும்போது சிவப்பு எங்கே போகிறது?

நீச்சல் குளத்துக்குள் எடுத்த படம் ஒன்று. உடை அழகாக விரிந்து மிதக்கிறது, கைகள் நன்றாக அமைந்திருக்கின்றன, முடி நினைத்தபடியே பரவியிருக்கிறது. ஆனால் கண் மூடியிருக்கிறது, கன்னம் உப்பியிருக்கிறது. சென்னையில் குளத்துக்குள் திருமணத்துக்கு முந்தைய படங்கள் எடுக்கும் யாரைக் கேட்டாலும் இந்தக் கதைதான் சொல்வார்கள். "அண்ணா, எல்லாம் சூப்பரா இருக்கு, முகம் மட்டும் கரையில எடுத்தீங்களே, அதை வெச்சுடுங்க" என்று அந்தப் பெண்ணே கேட்பார். கேட்க எளிது. கரையில் எடுத்த முகத்தை வெட்டி ஒட்டிப் பார்த்தால், உடம்பு தண்ணீருக்குள் இருக்கும், தலை மட்டும் வெளியே இருப்பதுபோல் தெரியும்.

அப்போது பெரும்பாலானோர் செய்வது ஒன்றுதான். முகத்தின் மேல் நீலப்பச்சை நிறத்தில் ஒரு லேயர் போட்டு, முப்பது நாற்பது சதவீதத்துக்கு அதை மெலிதாக்குவார்கள். கொஞ்சம் ஒட்டிவந்ததுபோல் தோன்றும். ஆனால் உதடு இன்னும் ரோஜா நிறத்தில் இருக்கும், கண்ணின் வெள்ளை வெள்ளையாகவே இருக்கும், முகம் முழுக்க ஒரு சாம்பல் பூச்சு படிந்திருக்கும். பார்ப்பவருக்குக் காரணம் சொல்லத் தெரியாது, ஏதோ சரியில்லை என்று மட்டும் தெரியும். அது ஏன் என்று புரிய, தண்ணீர் ஒளியை என்ன செய்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

தண்ணீர் செய்யும் இரண்டு வேலைகள்

முதல் வேலை, விழுங்குவது. தண்ணீர் எல்லா நிறத்தையும் ஒரே அளவில் விழுங்காது. சிவப்பைத்தான் அதிகம் விழுங்கும். தூய தண்ணீரில் 650 நானோமீட்டர் அலைநீளமுள்ள சிவப்பு ஒளி ஒரு மீட்டர் போனால் ஏறக்குறைய 29 சதவீதம் காணாமல் போகிறது. 550 நானோமீட்டர் பச்சை அதே ஒரு மீட்டரில் ஐந்தாறு சதவீதம்தான் இழக்கிறது. 450 நானோமீட்டர் நீலம் ஒரு சதவீதம் அளவுக்கே.

இது ஒவ்வொரு மீட்டருக்கும் திரும்பத் திரும்ப நடக்கும் கழிவு. அதனால் மூன்று மீட்டர் தாண்டியதும் சிவப்பில் 36 சதவீதம்தான் மிஞ்சும், பச்சையில் 84, நீலத்தில் 97. பத்து மீட்டரில் சிவப்பு மூன்று சதவீதமாகச் சுருங்கிவிடும்.

இங்கே நிறைய பேர் தவறவிடும் விஷயம் ஒன்று உண்டு. "குளம் ஐந்தடிதானே, அவ்வளவு ஆழம் இல்லையே, சிவப்பு எப்படிப் போகும்?" என்று கேட்பார்கள். ஆழத்தை மட்டும் கணக்கில் எடுத்தால் போதாது. வெயில் மேற்பரப்பிலிருந்து முகம் வரை தண்ணீருக்குள் வருகிறது, முகத்தில் பட்டுத் திரும்பி கேமரா வரைக்கும் மறுபடி தண்ணீருக்குள்தான் போகிறது. முகம் ஒரு மீட்டர் ஆழத்தில், கேமரா இரண்டு மீட்டர் தள்ளி என்றால் மொத்தப் பயணம் மூன்று மீட்டர். மேலே சொன்ன 36 சதவீதக் கணக்கு அப்படியே பொருந்தும் இடம் இது.

இரண்டாவது வேலை, சேர்ப்பது. தண்ணீரில் மிதக்கும் நுண்துகள்களும் தண்ணீரும் சுற்றியிருக்கும் ஒளியைச் சிதறடித்து, கேமராவுக்கும் முகத்துக்கும் நடுவில் ஒரு நீலப்பச்சைத் திரையை விரிக்கின்றன. போகி அன்று காலை புகைமூட்டத்தில் தூரத்துக் கட்டடத்தைப் பார்த்திருப்பீர்கள். அதன் இருண்ட ஜன்னல்கள்கூட கறுப்பாகத் தெரியாது, வெளிறிய சாம்பலாகத்தான் தெரியும். நடுவில் இருக்கும் புகை தன் ஒளியை அதன் மேல் சேர்த்துவிடுகிறது. தண்ணீருக்குள்ளும் அதே கதை. கறுப்பு முடி கறுப்பாக இருக்காது, கரும்பச்சை கலந்த நீலமாக இருக்கும்.

ஆக ஒரு பிக்சலுக்கு நடப்பதைச் சுருக்கமாக இப்படி எழுதலாம்:

```
தண்ணீருக்குள் = a × கரையில் + b
```

a என்பது விழுங்கியது போக மிஞ்சியது. b என்பது திரை சேர்த்தது. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் தனித்தனி a, தனித்தனி b. மேலே நீல லேயர் போடும் முறை மூன்று நிறத்துக்கும் ஒரே a வைத்துவிடுகிறது. முப்பது சதவீத லேயர் என்றால் சிவப்பிலும் எழுபது சதவீதம் அப்படியே நிற்கும், நீலத்திலும் எழுபது சதவீதம் நிற்கும். சிவப்பு வேறுபாடுகள் சாகவேண்டிய இடத்தில் சாகாமல் இருப்பதால்தான் உதடு உயிரோடு இருக்கிறது.

எதை எதற்குப் பொருத்துவது?

இரண்டு வழி இருக்கிறது. தண்ணீர்ப் படத்தின் நிறத்தை முதலில் சரிசெய்து, கரை நிறத்துக்குக் கொண்டுவந்து, அப்புறம் முகத்தை ஒட்டுவது ஒன்று. முகத்தைத் தண்ணீர் நிறத்துக்கு இறக்கி ஒட்டிவிட்டு, கடைசியில் மொத்தப் படத்தையும் சேர்த்துச் சரிசெய்வது இன்னொன்று.

நான் எப்போதும் இரண்டாவதைத்தான் சொல்வேன். தண்ணீர்ப் படத்தின் சிவப்பு சேனலில் தகவல் மிகக் குறைவு. அதை மேலே தூக்கினால் நாய்ஸும் சேர்ந்து தூக்கிக்கொண்டு வரும். கழுத்து மணல் மணலாக, முகம் வழவழப்பாக நிற்கும். ஒரு தகவலை அழிப்பது எளிது, இல்லாததை வரவழைப்பது கடினம். கரை முகத்தில் எல்லாத் தகவலும் இருக்கிறது, அதனால் இறங்கி வரவேண்டியது அதுதான்.

கரை முகத்தைத் தேர்ந்தெடுக்கும்போதே ஒரு கவனம் வேண்டும். மதிய வெயிலில் நேராக எடுத்த முகம் வேண்டாம். மூக்கின் நிழல் கத்திபோல் விழுந்திருக்கும், அதை எந்த நிறத் திருத்தமும் மாற்றாது. குளத்தோரக் கூரை நிழலில், மேலிருந்து மென்மையாக ஒளி விழும்படி எடுத்த முகம் நல்லது. தலை சாய்ந்திருக்கும் கோணமும் ஒத்துப்போக வேண்டும்.

இன்னொன்று, பளபளப்பு. இதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை, ஆனால் நிறத்தைவிட இதுவே பல படங்களைக் காட்டிக்கொடுக்கிறது. காற்றில் இருக்கும் தோல் பளபளக்கும். நெற்றியிலும் மூக்கு நுனியிலும் வெள்ளை வெள்ளையாக ஒளி மின்னும், கரையேறிய ஈர முகத்தில் இன்னும் அதிகமாக. தண்ணீருக்குள் அது கிட்டத்தட்ட இல்லாமல் போகிறது. ஒளி ஒரு பொருளிலிருந்து இன்னொன்றுக்குள் நுழையும்போது இரண்டின் ஒளிவிலகல் எண்ணும் எவ்வளவு வேறுபடுகிறதோ, அவ்வளவுதான் மேற்பரப்பில் பிரதிபலிக்கும். காற்றுக்கும் தோலுக்கும் வேறுபாடு அதிகம், தண்ணீருக்கும் தோலுக்கும் மிகக் குறைவு. கண்மணியில் தெரியும் சின்ன ஒளிப்புள்ளிக்கும் இதே விதி. கண்ணின் முன்பரப்பான கார்னியாவின் ஒளிவிலகல் எண் 1.376, தண்ணீருடையது 1.333. இரண்டும் இவ்வளவு நெருக்கமாக இருப்பதால் தண்ணீருக்குள் திறந்த கண்ணில் அந்தப் புள்ளி ஏறக்குறைய அணைந்துவிடும்.

அதனால் நிறத்தைத் தொடுவதற்கு முன்பே நெற்றி, மூக்கு, கன்ன மேடு, மேலுதடு ஆகிய இடங்களில் உள்ள பளபளப்பையும் கண்ணின் ஒளிப்புள்ளியையும் குளோன் அல்லது ஹீலிங் பிரஷ் வைத்து எடுத்துவிடுங்கள். இதை விட்டுவிட்டு நிறத்தை இறக்கினால் அந்த வெள்ளைப் புள்ளிகள் எல்லாம் பளீரென்ற நீலப்பச்சைத் திட்டுகளாக மாறி முகத்தில் நிற்கும். அப்போது எடுப்பது இருமடங்கு வேலை.

ஒரு படத்தை முழுதாகச் செய்து பார்ப்போம்

குளத்தில் எடுத்த படத்தை ஃபோட்டோஷாப்பில் திறந்திருக்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கிம்ப், ஃபோட்டோபியா எதிலும் இதே வேலையைச் செய்யலாம், மூன்றிலும் `Levels` என்ற பெட்டி இருக்கிறது. முடிந்தால் ரா ஃபைலிலிருந்து 16 பிட்டில் திறங்கள். கரை முகத்தை மேலே ஒரு லேயராக வைத்து, அளவையும் சாய்வையும் பொருத்திவிட்டோம். வெட்டுக்கோடு தாடையின் அடியில் நிழல் விழும் இடத்தில் வருகிறது. இனி நிறம்.

ஐட்ராப்பரை எடுங்கள். மேலே அதன் `Sample Size` என்ற இடத்தில் `5 by 5 Average` என்று மாற்றிக்கொள்ளுங்கள். ஒற்றைப் பிக்சலைத் தொட்டால் நாய்ஸ் உங்களை ஏமாற்றும்.

இப்போது நான்கு இடங்களில் எண் எடுக்க வேண்டும். தண்ணீர்ப் படத்தில் கழுத்துத் தோல், அதே படத்தில் முடியின் மிக இருண்ட பகுதி. கரைப் படத்தில் தாடையோரத் தோல், அதிலும் முடியின் இருண்ட பகுதி. இரண்டு படத்திலும் தோலை நடுத்தர வெளிச்சம் உள்ள இடத்தில் தொடுங்கள். ஒன்றில் வெளிச்சப் பக்கம், இன்னொன்றில் நிழல் பக்கம் என்று எடுத்தால் கணக்கு முழுவதும் கெடும். நம் உதாரணத்தில் எண்கள் இப்படி வருகின்றன:

```
             R    G    B
கரை முடி      12   11   10
நீர் முடி       8   38   46
கரைத் தோல்   186  138  112
நீர்த் தோல்    78  118  124
```

இந்த எண்களைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். கரையில் தோலின் சிவப்பு 186, தண்ணீரில் 78. பாதிக்கும் கீழே போய்விட்டது. பச்சை கொஞ்சம் குறைந்திருக்கிறது. நீலமோ 112இலிருந்து 124க்கு ஏறியிருக்கிறது! விழுங்குவது மட்டும் நடந்திருந்தால் எந்த எண்ணும் ஏற முடியாது. திரை என்ற இரண்டாவது வேலை இல்லாமல் இந்த ஏற்றத்தை விளக்கவே முடியாது. முடியைப் பாருங்கள், 10 இருந்த நீலம் 46 ஆகியிருக்கிறது. அதுதான் திரையின் அளவு.

ஒவ்வொரு நிறத்துக்கும் இரண்டு புள்ளிகள் கிடைத்துவிட்டன. பள்ளியில் படித்த நேர்கோட்டுக் கணக்குதான். சிவப்புக்கு: கரையில் 12இலிருந்து 186 வரை 174 தூரம், தண்ணீரில் 8இலிருந்து 78 வரை 70 தூரம். 70ஐ 174ஆல் வகுத்தால் 0.40. இதுதான் a. முடியின் 12ஐ இதால் பெருக்கினால் ஏறக்குறைய 5, தண்ணீரில் 8 வேண்டும், எனவே b சுமார் 3. இதே போல் செய்தால் பச்சைக்கு a 0.63, b 31. நீலத்துக்கு a 0.76, b 38.

இதை `Levels` பெட்டிக்கு எப்படிச் சொல்வது? அதன் அடியில் `Output Levels` என்று இரண்டு எண் கேட்கும். இடது எண் நம் b. வலது எண், 255ஐ a-ஆல் பெருக்கி b-ஐக் கூட்டினால் வருவது. முகத்தின் லேயர் மேல் ஒரு `Levels` லேயர் போட்டு, அது முகத்துக்கு மட்டும் பொருந்தும்படி கிளிப் செய்துவிட்டு, மேலே சேனலை ஒவ்வொன்றாக மாற்றி இந்த எண்களைத் தட்டுங்கள்:

```
Red     3   106
Green  31   192
Blue   38   233
```

அவ்வளவுதான். முகம் தண்ணீருக்குள் இறங்கிவிடும். சேனல் பட்டியலில் `RGB` என்பதைத் தொடாமல் `Red`, `Green`, `Blue` மூன்றையும் தனித்தனியாகச் செய்வது முக்கியம்.

திரையில் நாம் பார்க்கும் எண்கள் ஒளியின் நேரடி அளவு இல்லை, காமா வளைவுக்குள் போய் வந்தவை. பெருக்கல் மட்டும் என்றால் காமாவுக்குள்ளேயே செய்தாலும் விடை ஏறக்குறைய சரியாக வரும். கூட்டல்தான் கொஞ்சம் பிசகும். இரண்டு புள்ளிகளை நேரில் அளந்து நடுவில் கோடு போடுவதால் அந்தப் பிசகு முகத்தில் கண்ணுக்குத் தெரியாத அளவில்தான் இருக்கும். நடுத்தர நிழல்கள் மட்டும் ஒரு துளி அடர்த்தியாகவோ வெளிறியோ தெரிந்தால், அதே பெட்டியில் நடுவில் இருக்கும் ஸ்லைடரைச் சிறிதளவு அசைத்தால் போதும்.

ஃபோட்டோஷாப்பில் `Match Color` போன்ற தானியங்கி வழிகளும் இருக்கின்றன. அவை சராசரியை வைத்து வேலை செய்பவை. தேர்ந்தெடுத்த பகுதியில் கொஞ்சம் பின்னணித் தண்ணீர் சேர்ந்துவிட்டாலே சராசரி நீலமாகிவிடும், முகம் தேவைக்கு மேல் நீலமாகும். தோலும் முடியும் நாமே தொட்டு அளக்கும்போது எதை எதோடு பொருத்துகிறோம் என்று நமக்குத் தெரியும்.

உதடு, பொட்டு, கண்ணின் வெள்ளை

எண்களைத் தட்டியதும் முகத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். முதல் பார்வையில் பயமாகத்தான் இருக்கும். கரையில் R 160, G 85, B 80 என்று ரோஜாப்பூ நிறத்தில் இருந்த உதடு இப்போது R 68, G 85, B 99 ஆகிவிட்டது. நீலம் பாரித்த சாம்பல். நெற்றியில் ஒட்டியிருந்த சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு 170, 25, 35 இருந்தது, இப்போது 72, 47, 65. மங்கிய கரும்பழுப்பு. கண்ணின் வெள்ளை 200, 195, 185 இருந்தது, 84, 154, 179 ஆகி வெளிர்நீலப் பச்சையாக நிற்கிறது.

உடனே உதட்டுக்குக் கொஞ்சம் சிவப்பு கொடுக்கலாம், கண்ணை மட்டும் வெளுக்கலாம் என்று கை போகும். போகவிடாதீர்கள். தண்ணீருக்குள் உதடு உண்மையிலேயே இப்படித்தான் தெரியும். அந்தப் படத்திலேயே சாட்சி இருக்கும். அவருடைய நகப்பூச்சைப் பாருங்கள், உடையின் அரக்குக் கரையைப் பாருங்கள், பக்கத்தில் மாப்பிள்ளை இருந்தால் அவர் உதட்டைப் பாருங்கள். எல்லாமே கறுத்துத்தான் போயிருக்கும். ஆழத்தில் காயம் பட்டால் ரத்தம் பச்சையாகத் தெரிகிறது என்று டைவர்கள் சொல்வதும் இதனால்தான். சுற்றியிருக்கும் சிவப்பெல்லாம் செத்திருக்கும்போது உதடு மட்டும் சிவந்திருந்தால், அந்த ஒரு இடத்திலேயே கண் போய் நிற்கும்.

கண்ணின் வெள்ளையைச் சோதனைக்கும் வைத்துக்கொள்ளலாம். படத்தில் முகத்துக்கு அருகில் வெள்ளையான ஏதாவது, உடையின் வெள்ளைப் பகுதியோ மணிக்கட்டு வளையமோ இருந்தால் அதை ஐட்ராப்பரால் தொடுங்கள். மூன்று எண்களின் ஒன்றுக்கொன்றான விகிதம் கண்ணின் வெள்ளையோடு நெருங்கி வந்தால் உங்கள் a, b சரி. நாம் அளக்காத மூன்றாவது புள்ளி அது. அதுவும் பொருந்தினால்தான் கோடு உண்மையாகப் பொருந்தியது என்று அர்த்தம்.

தாடையின் அடிப்பகுதிக்கு மட்டும் ஒரு சின்னச் சேர்க்கை தேவைப்படலாம். மேலிருந்து வரும் ஒளி குளத்தின் தரைக்குப் போய், நீல டைல்ஸில் பட்டு, மறுபடி மேலேறி வந்து தாடையின் அடியைத் தொடுகிறது. அது இன்னும் அதிகத் தண்ணீரைத் தாண்டி வந்த ஒளி. அதனால் நெற்றியைவிடத் தாடையடி கூடுதல் நீலப்பச்சையாக இருக்கும். இன்னொரு `Levels` லேயரில் சிவப்பை மட்டும் ஒரு படி குறைத்து, மாஸ்க்கில் கீழிருந்து மேலாக மறையும் கிரேடியன்ட் போட்டால் போதும். அசல் படத்தில் தாடையடி எப்படி இருந்தது என்று கண் மூடிய முகத்தையே பார்த்துப் பொருத்தலாம், அது கீழே லேயரில் இருக்கத்தானே செய்கிறது.

பொருந்தியதா என்று எப்படித் தெரியும்?

நம் கண் நிறத்துக்குச் சீக்கிரம் பழகிவிடும். ஒரு நீலப் படத்தையே பத்து நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தால் சின்ன வித்தியாசம் தெரியாமல் போகும். அதனால் வித்தியாசத்தைப் பெரிதாக்கிப் பார்க்க வேண்டும்.

எல்லா லேயருக்கும் மேலே தற்காலிகமாக இன்னொரு `Levels` லேயர் போடுங்கள். இதை எதற்கும் கிளிப் செய்யவேண்டாம், மொத்தப் படத்தின் மேலும் இருக்கட்டும். `Red` சேனலில், மேல்வரிசையில் உள்ள `Input Levels`இன் வலது எண்ணை 255இலிருந்து 106க்குக் கொண்டுவாருங்கள். படம் முழுக்கச் சிவப்பு இரண்டரை மடங்கு ஏறும். படம் பார்க்க நன்றாக இருக்காது, அது பரவாயில்லை. இப்போது முகத்தையும் கழுத்தையும் மட்டும் பாருங்கள்.

இரண்டும் ஒன்றாக ஏறினால் வேலை சரி. முகம் மட்டும் ஆரஞ்சாகப் பாய்ந்தால், முகத்தில் சிவப்பு இன்னும் மிச்சம் இருக்கிறது. முகத்துக்குக் கிளிப் செய்த முதல் `Levels` லேயரில், `Output Levels`இல் உள்ள சிவப்பின் வலது எண்ணை 106இலிருந்து 100, 98 என்று குறைத்துப் பாருங்கள். முகம் கழுத்தைவிடப் பச்சையாகப் பின்தங்கினால் நேர்மாறாகச் செய்யுங்கள். நிழல் பகுதிகள் மட்டும் சிவந்தால் இடது எண்ணில், அதாவது b-யில் பிழை. இருண்ட இடம் என்று நினைத்துத் தொட்ட முடி உண்மையில் அவ்வளவு இருண்டதாக இல்லாமல் இருந்திருக்கும், வேறு இடத்தில் தொட்டு மறுபடி எண் எடுங்கள். எல்லாம் முடிந்ததும் இந்த லேயரை அணைத்துவிடலாம்.

இதை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், படத்தை வாங்கிக்கொண்டு போகிறவர் தன் போனில் ஒரு ஃபில்டரைத் தட்டினாலும் இதே பெருக்கம்தான் நடக்கும். நீங்கள் மறைத்துவைத்த பிழை அங்கே வெளியே வந்துவிடும்.

அந்தத் தற்காலிக லேயரை அணைப்பதற்கு முன் இன்னொன்றும் தெரியும். கழுத்து மணல் மணலாக இருக்கும், முகம் மெழுகு பூசியதுபோல் இருக்கும். `Channels` பேனலில் `Red` மட்டும் தெரியும்படி வைத்தால் இன்னும் தெளிவு. தண்ணீர்ப் படத்தின் சிவப்பு சேனலில் ஒளி குறைவு என்பதால் நாய்ஸ்தான் அதிகம். கரை முகத்தின் சிவப்பு சேனலோ சுத்தமானது, அதை நாம் 0.40ஆல் பெருக்கியதில் இருந்த கொஞ்ச நாய்ஸும் அடங்கிவிட்டது. எனவே முகத்தை `Levels` லேயரோடு சேர்த்து ஒரு நகலாக இணைத்துக்கொண்டு, சிவப்பு சேனலை மட்டும் தேர்ந்தெடுத்து, `Add Noise`இல் `Gaussian` வைத்து இரண்டு சதவீதத்திலிருந்து தொடங்கிக் கழுத்தோடு ஒப்பிடுங்கள். பச்சைக்கும் நீலத்துக்கும் இதில் பாதிகூடத் தேவைப்படாது. நாய்ஸின் துகள் கழுத்தில் பெரிதாக இருந்தால் முகத்தின் நாய்ஸை அரை பிக்சல் அளவுக்கு மங்கலாக்குங்கள்.

இழந்த சிவப்பை எவ்வளவு திருப்பலாம்?

முகமும் உடம்பும் ஒரே தண்ணீருக்குள் வந்துவிட்டன. இனி மொத்தப் படத்தையும் ஒன்றாகக் கொஞ்சம் மேலே கொண்டுவரலாம். நீர்த் தோலில் சிவப்பு 78. அதைக் கரையின் 186க்கே திருப்ப ஆசைப்பட வேண்டாம். 115, 120 அளவுக்கு, அதாவது ஒன்றரை மடங்கு ஏற்றினால் தோலில் உயிர் வரும், தண்ணீருக்குள் இருக்கும் உணர்வும் போகாது. நாய்ஸும் ஒன்றரை மடங்கோடு நிற்கும். இதையும் `Input Levels`இன் வலது எண்ணைக் குறைத்தே செய்யுங்கள், 170 வைத்தால் ஒன்றரை மடங்கு. இடது பக்கத்தைத் தூக்கி, அதாவது எல்லாவற்றுக்கும் ஒரே அளவு சிவப்பைக் கூட்டி, சரிசெய்தால் பின்னணித் தண்ணீர் ஊதா நிறத்துக்குத் திரும்பிவிடும். தண்ணீரில் சிவப்பு பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது, பெருக்கினால் அங்கேயே கிடக்கும், கூட்டினால் ஊதாவாகும்.

சிவப்பு அடியோடு செத்துப்போன படங்களும் வரும். கேமரா ஜேபெக்கில் எடுத்து, நிழலில் இருக்கும் தோலில் R என்ற இடத்தில் 0, 1, 2 என்றே எண்கள் வந்தால் எதைப் பெருக்கியும் பயனில்லை. அப்போது `Channel Mixer`இல் சிவப்புக்குப் பச்சையிலிருந்து கொஞ்சம் கடன் வாங்கலாம். தோலின் வெளிச்சமும் நிழலும் பச்சைச் சேனலில் நன்றாக இருப்பதால் தோலுக்கு இது பலன் தரும். ஆனால் பொட்டும் உதடும் திரும்பாது. அவை சிவப்பில் மட்டும் பிரகாசமானவை, பச்சையில் எப்போதுமே இருண்டவை. பச்சையிலிருந்து கடன் வாங்கினால் இருட்டுதான் வரும். பொட்டு சிவப்பாகவே வேண்டும் என்று அவர்கள் கேட்டால் கையால் வண்ணம் தீட்ட வேண்டியதுதான், அதையும் ஒன்றரை மடங்கு ஏற்றிய தோலோடு ஒத்துப்போகும் மங்கிய சிவப்பாகத் தீட்டுங்கள்.

குளத்தை விட்டுக் கடலுக்குப் போனால்

கோவளம், நீலாங்கரை பக்கம் கடலில் எடுத்த படம் என்றால் எண்கள் வேறு மாதிரி வரும். நம் கரையோரக் கடலில் மிதவைப் பாசிகளும் கரைந்திருக்கும் மக்கிய பொருள்களும் நீலத்தையும் விழுங்கும். சிவப்பு ஒரு பக்கம் போக, நீலமும் இன்னொரு பக்கம் போக, நடுவில் பச்சை மட்டும் நிற்கும். வடகிழக்குப் பருவமழையில் அடையாறும் கூவமும் கொண்டுவந்து கொட்டும் கலங்கலில் இது இன்னும் மோசம். அந்தமான் பக்கம் தெளிந்த தண்ணீரில் எடுத்த படத்தின் எண்களை வைத்துக்கொண்டு இங்கே எடுத்த படத்தில் தட்டினால் முகம் நீலமாகவும் கழுத்து பச்சையாகவும் நிற்கும். அதனால் ஒருமுறை கண்டுபிடித்த எண்களைச் சேமித்துவைத்து எல்லாப் படத்துக்கும் போடலாம் என்று நினைக்காதீர்கள். முறை மட்டும்தான் மாறாது. ஒரே நாளில், ஒரே குளத்தில், அதே ஆளை எடுத்த அடுத்த படத்தில்கூட கேமரா இரண்டடி பின்னால் போயிருந்தால் எண்கள் மாறியிருக்கும். வீடியோவிலிருந்து பிரேம் எடுத்தால் ஆட்டோ ஒயிட் பேலன்ஸ் ஒவ்வொரு பிரேமிலும் அசைந்திருக்கவும் கூடும். முடியையும் கழுத்தையும் மறுபடி தொடுங்கள்.

இந்த முறை கைகொடுக்காத இடமும் ஒன்று இருக்கிறது. தண்ணீருக்குள் கேமராவோடு ஸ்ட்ரோபோ டார்ச்சோ கொண்டுபோய் எடுத்த படத்தில், விளக்குக்குப் பக்கத்தில் இருப்பவை சிவப்பை இழக்காமல் வரும், ஓரடி தள்ளி இருப்பவை நீலமாக இருக்கும். நீட்டிய கை ஒரு நிறம், தோள் ஒரு நிறம், கழுத்து ஒரு நிறம். அங்கே முகம் முழுவதுக்கும் ஒரே a, ஒரே b என்ற கணக்கு நிற்காது. இடது தாடையிலும் வலது தாடையிலும் தனித்தனியாக எண் எடுத்து, இரண்டு `Levels` லேயர் போட்டு, நடுவில் மாஸ்க்கால் கலக்க வேண்டியிருக்கும். எண்களுக்குள் வித்தியாசம் இருபதுக்கு மேல் போனால் நான் அந்தப் படத்தை விட்டுவிட்டு, அதே விளக்கில் எடுத்த வேறொரு பிரேமில் கண் திறந்த முகம் இருக்கிறதா என்று தேடிப் பார்ப்பேன். தண்ணீருக்குள்ளேயே எடுத்த முகம் என்றால், அது கொஞ்சம் மங்கலாக இருந்தாலும், தண்ணீர் செய்யவேண்டிய வேலையை ஏற்கெனவே செய்து முடித்திருக்கும்.